ஹெட்ஜ்: தமிழில் வரம்புச்சொல்

"சம்மரில ஹெட்ஜ் எல்லாம் போயிடுச்சு, ஓவர்கிளைம் ஆயிடுச்சு." ஒரு டெக்கைப் படித்துச் சுருக்கம் எழுதியவரிடம், அதைச் சரிபார்ப்பவர் சொல்கிற குறை இது. டெக் என்பது ஸ்லைடுகளின் கட்டு; சீட்டுக்கட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே இதற்கும் வந்துவிட்டது. ஓவர்கிளைம் என்றால், கையில் உள்ள சான்று தாங்குவதைவிடப் பெரிதாகச் சொல்லிவிடுவது. அதில் சிக்கல் இல்லை, மிகைக்கூற்று என்றால் எல்லோருக்கும் புரிகிறது. ஹெட்ஜ் என்பது, ஒரு கூற்று எவ்வளவு உறுதி, எதுவரை செல்லும் என்று காட்டும் சொல். இந்தப் பெயர்தான் தமிழில் சரியாக உட்காராமல் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஹெட்ஜின் முதல் பொருள் உயிர்வேலி. வயலுக்கும் வயலுக்கும் நடுவே செடி நட்டு வளர்க்கிற வேலி. ஜெர்மன் மொழியிலும் இதன் உறவுச் சொல் அதே பொருளில் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், வேலிக்குப் பின்னால் ஒதுங்குவதுபோலப் பிடிகொடுக்காமல் பேசுவதற்கும் இந்தச் சொல் வந்தது. அடுத்த நூற்றாண்டில் பந்தயக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்: நஷ்டம் வந்தால் தாங்கிக்கொள்ள, எதிர்ப்பக்கத்திலும் கொஞ்சம் பணம் கட்டுவது. நிதிச்சந்தையில் இன்று புழங்கும் ஹெட்ஜுக்கு அதுதான் வழி. மொழியியலுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் லேக்காஃப், 1972இல். ஒரு கூற்றின் எல்லையை மங்கலாக்கும் சொற்கள், அந்த மங்கலைக் குறைக்கும் சொற்கள், இரண்டையுமே அவர் ஹெட்ஜ் என்றார். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறோம். ஹெட்ஜ் என்றால் தயக்கம் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

தமிழுக்கு இது புதிய சரக்கு அல்ல. தொல்காப்பியம் இடைச்சொற்களைச் சொல்லும்போது "கொல்லே ஐயம்" என்கிறது. 'கொல்' வந்தால் சொல்பவர் உறுதியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ" என்ற குறளில் அந்தக் கொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். தெய்வமா, மயிலா, பெண்ணா என்று திகைத்து நிற்கிறவன், மூன்றும்தான் என்று அறிவிக்கிறவனாகிவிடுவான். இன்றைய தமிழில் கொல் இல்லை. அதன் வேலையைக் 'கூடும்', 'லாம்', 'போல', 'ஆம்' ஆகியவை செய்கின்றன. "வந்தார்" என்றால் நான் பார்த்தேன். "வந்தாராம்" என்றால் யாரோ சொன்னார்கள். ஒரே ஒரு விகுதி, சாட்சியே மாறிவிடுகிறது.

இதில் தமிழில் சுருக்கம் எழுதுகிறவருக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. நம்முடைய ஹெட்ஜ்கள் பெரும்பாலும் வினையின் வாலில் ஒட்டியிருப்பவை. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது வால்தான். "இந்த மருந்து காய்ச்சலைக் குறைக்கக்கூடும்" என்பதில் ஒரு 'கூடு' உதிர்ந்தால் "குறைக்கும்" என்று நிற்கும். வாக்கியம் முன்பைவிடச் சுத்தமாகத் தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தயக்கச்சொல், ஐயச்சொல், மழுப்பல் என்று பல கேட்டிருக்கிறேன். மழுப்பல் வசை. தயக்கச்சொல் என்பதும் சரியில்லை. "எங்கள் சோதனை இந்த அளவுவரைதான் செய்யப்பட்டது" என்று எழுதும் பொறியாளர் தயங்கவில்லை, உறுதியாகத் தெரிந்த ஒன்றைத்தான் சொல்கிறார். நான் பயன்படுத்துவது 'வரம்புச்சொல்'. வரம்பு என்றால் வயல் வரப்பு, எல்லை என்றும் பொருள். ஆங்கிலச் சொல்லும் வயலோரத்திலிருந்து வந்ததுதான். ஸ்லைடுகளின் கடைசியில் வரும் குறைபாடுகள் பட்டியலுக்கும் 'வரம்புகள்' என்றே சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே வேலை செய்கின்றன: கூற்று எதுவரை செல்லும் என்று காட்டுகின்றன.

வரம்புச்சொல் உதிர்வதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க, கொலம்பியா விண்கலத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2003 ஜனவரி 16 அன்று அது கிளம்பி 82 விநாடி ஆகும்போது, வெளித்தொட்டியிலிருந்து காப்பு நுரைத் துண்டு ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. வீடியோவில் அது தெரிந்தது. சேதம் எவ்வளவு என்று கணிக்கப் பொறியாளர் குழு உட்கார்ந்து, ஸ்லைடுகள் தயாரித்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஸ்லைடுகளில் ஒன்றை, அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை முழுதாக அச்சிட்டு, தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டியின் விமர்சனத்தோடு அலசியது.

அந்த ஸ்லைடின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "ஓடு துளைபடுதல் குறித்த சோதனைத் தரவுகளை ஆராய்ந்ததில், கணிப்பு பாதுகாப்பான பக்கம் சாய்ந்திருப்பது தெரிகிறது." ஓடு என்றால் கலத்தின்மேல் பதித்த, வெப்பம் தாங்கும் ஓடு. அதாவது, கணிக்கும் மென்பொருள் சேதத்தை உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும், பயம் வேண்டாம் என்பதுபோல. அதற்குக் கீழே உள்தள்ளி உள்தள்ளி வரிகள் இறங்குகின்றன. நடுவில் ஒன்று: போதிய எடையும் வேகமும் இருந்தால் ஓடு துளைபடுவது சாத்தியமே என்று சோதனைகள் காட்டுகின்றன. இன்னும் கீழே: மொத்த ஆற்றலில் சிறிய மாற்றமும் ஓட்டில் பெரிய சேதத்தை உண்டாக்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில்: பறப்பின் நிலைமை சோதனைத் தரவுகளுக்கு வெகுவாக வெளியே இருக்கிறது, மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3.

640 மடங்கு. தலைப்பு எந்தச் சோதனையை நம்பி நிற்கிறதோ, அந்தச் சோதனை இந்த மோதலுக்குப் பொருந்துமா என்பதே தெரியாது என்று கடைசி வரி சொல்கிறது. எழுதியவர்கள் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்தார்கள். ஆனால் அது கடைசி வரியில் இருந்தது.

ஜனவரி 24 அன்று நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இந்த ஸ்லைடுகள் காட்டப்படவில்லை. ஒருவர் வாய்மொழியாகச் சுருக்கம் சொன்னார். வெப்பம் கலத்தை எரித்துத் துளைக்கும் என்று பகுப்பாய்வு காட்டவில்லை, ஆங்காங்கே வெப்பச் சேதம் இருக்கலாம், துண்டின் அளவு, பட்ட இடம், கோணம் எல்லாவற்றிலும் நிச்சயமின்மை நிறைய என்றார். நல்ல சுருக்கம்தான், ஓரளவு. அடுத்து கூட்டத்தின் தலைவர் அதைத் தன் சொற்களில் திருப்பிக் கேட்டார்: துளை இல்லை என்றால் பேரழிவான சேதம் இல்லை, வெறும் ஓடு மாற்றுகிற வேலைதான், அப்படித்தானே? ஆமாம் என்ற பதில் வந்தது. இதுவரை நாங்கள் பார்த்த எதிலும் பறப்புப் பாதுகாப்புக்குப் பிரச்சினை தெரியவில்லை என்றும் சொல்லப்பட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். 'இதுவரை' ஒரு வரம்புச்சொல், 'நாங்கள் பார்த்த' இன்னொன்று. இரண்டையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது 'பாதுகாப்புக்குப் பிரச்சினை இல்லை'. பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகிவிட்டன.

இன்னொரு உதிர்வு இதைவிட நுட்பமானது. தலைப்பில் இருந்தது 'ஓடு'. அந்த ஸ்லைடு பேசியது வெப்பம் தாங்கும் ஓடுகளைப் பற்றி மட்டும். உண்மையில் உடைந்தது இறக்கையின் முன்விளிம்பு. அது வேறு பொருள், வலுவூட்டிய கார்பன் பலகை. 2003 ஜூலையில் அதே மாதிரிப் பலகைமீது நுரைத் துண்டைச் சுட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய 16 அங்குலம் அகல நீளத்தில் ஓட்டை விழுந்தது. ஆக 'ஓடு' என்ற சாதாரணப் பெயர்ச்சொல்லும் அங்கே வரம்புச்சொல். 'கூடும்', 'லாம்' மட்டும் தேடிச் சரிபார்க்கிறவர் கண்ணில் அது படாது. இந்த ஒரு ஸ்லைடால்தான் விபத்து நடந்தது என்று நான் சொல்லவில்லை. விசாரணை அறிக்கையே பல காரணங்களை அடுக்கியது, ஸ்லைடு அவற்றில் ஒன்றின் அடையாளம்தான்.

சரிபார்ப்பு என்று உட்காரும்போது நான் டெக்கை அச்செடுத்து, ஒவ்வொரு ஸ்லைடையும் அடியிலிருந்து மேலே படிக்கிறேன். கடைசி உள்வரி, அடிக்குறிப்பு, அட்டவணைக்குக் கீழே உள்ள சின்ன எழுத்து முதலில், தலைப்பு கடைசியில். வழியில் தென்படும் வரம்புகளைப் பேனாவால் சுற்றுவேன். அவற்றில் நான்கு வகை அடிக்கடி வரும்: எவ்வளவு உறுதி (கூடும், தெரிகிறது), எதைப் பற்றி (ஓடு மட்டும்), எதுவரை சோதித்தது (3 கன அங்குலம்), எந்தத் தேதிவரை (இதுவரை). அப்புறம்தான் சுருக்கத்தைத் தொடுவேன். அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஸ்லைடு எண்ணை எழுதி, அந்த ஸ்லைடில் சுற்றியது வாக்கியத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன். எண்ணே எழுத முடியாத வாக்கியம் வந்தால், அது சுருக்கியவரின் சொந்த முடிவு.

வாக்கியத்துக்குள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லா வரம்புகளையும் வழித்தெடுத்து, கடைசியில் "இந்த ஆய்வுக்குச் சில வரம்புகள் உண்டு" என்று ஒரு வரி போடுவது பரவலான பழக்கம். அந்த வரியைப் படிப்பவருக்கு எந்தக் கூற்று எவ்வளவு ஆடுகிறது என்று தெரியாது. எதிர்த்திசைத் தவறும் உண்டு: ஸ்லைடு உறுதியாக அளந்து சொன்ன இடத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு 'கூடும்' சேர்ப்பது. 1920 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'இருக்கலாம்' போட்டால், வலுவான எச்சரிக்கையை நாமே தளர்த்திவிடுகிறோம். லேக்காஃப் சொன்ன இரண்டாவது வகையை நினைவில் வைத்தால் இது நடக்காது.

கொலம்பியா ஸ்லைடின் சுருக்கம் என் மேசைக்கு வந்திருந்தால், இப்படித் திருத்தியிருப்பேன்: "மோதிய துண்டு, நாம் சோதித்துப் பார்த்த துண்டைவிட 640 மடங்கு பெரியது, எனவே கையில் உள்ள சோதனைகளை இதற்குப் பொருத்த முடியுமா என்பது தெரியாது. சிறிய துண்டுகளுக்கான கணிப்பு சேதத்தைக் கூட்டியே காட்டிவந்திருக்கிறது. ஆனால் போதிய எடையும் வேகமும் இருந்தால் ஓடு துளைபடும் என்றும் சோதனைகள் காட்டுகின்றன. இது ஓடுகளைப் பற்றி மட்டும். இறக்கை முன்விளிம்பைப் பற்றி இந்த ஸ்லைடு எதுவும் சொல்லவில்லை."

புதிதாக எந்தத் தகவலும் இதில் இல்லை. அடியில் கிடந்த வரி மேலே வந்திருக்கிறது, 'ஓடு' என்ற சொல் தன் வேலையைத் திரும்பச் செய்கிறது.