“திரும்பினேன்” என்ற சொல் எங்கே நிற்கிறது?

மும்பை தாராவியின் 90 அடிச் சாலையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒருவர், கடைக்கு எதிரே நடந்த விபத்தைப் பற்றி வாக்குமூலத்தில் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

“டெம்போக்காரன் குடிச்சிட்டு வேகமா வந்து சைக்கிள்ல மோதி அந்த அண்ணனைத் தூக்கி எறிஞ்சுட்டான். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அதுக்கு முன்னாடி ஹார்ன் அடிச்சானாம். தள்ளாடிக்கிட்டே இறங்கினான். உடனே 108-க்குப் போன் பண்ணேன்.”

அவர் நேரில் அறிந்தவற்றின் கால வரிசையில் முதலில் நிற்க வேண்டியது இரண்டாவது வாக்கியம். சத்தம் கேட்டபின் திரும்பியவர் மோதலைப் பார்த்திருக்க முடியாது. திரும்பியதும் அவர் கண்டது விழுந்து கிடந்தவரையும் நின்றிருந்த வண்டியையும், பிறகு தள்ளாடி இறங்கியவரையும் மட்டுமே. இது மறைந்துபோவதற்கு நம் இலக்கணமும் ஒரு காரணம். “குடித்து, வந்து, மோதி” என்று வினையெச்சங்களை அடுக்கும்போது, கண்டதும் ஊகித்ததும் ஒரே மூச்சில் கோக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே மூல வாக்குமூலத்தில் கை வைக்காமல், அதன் பிரதியில் ஒவ்வொரு வினையையும் தனி வாக்கியமாகப் பிரித்து, “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால், “குடித்திருந்தான்” என்பது தள்ளாட்டத்திலிருந்து பிறந்த ஊகம் என்று தெரியவரும். அதிர்ச்சியாலோ அடிபட்டதாலோ கூட ஒருவர் தள்ளாடலாம். “அடிச்சானாம்” என்பதன் ‘ஆம்’ பிறர் சொல்லக் கேட்டதைக் காட்டுகிறது. வாக்குமூலம் மராத்தியில் எழுதப்படும்போது இந்தச் சிறு விகுதி உதிர்ந்துவிடக்கூடும். அதோடு, ஹார்ன் ஒலியை நேரில் கேட்டவர் யார் என்ற கேள்வியும் காணாமல் போகும்.

“உடனே” என்ற சொல்லையும் அப்படியே ஏற்கக் கூடாது. அழைப்புப் பதிவில் 7.42 என்று இருக்கலாம். இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், அடுப்பை அணைத்து, சாலையைக் கடந்து, விழுந்தவரை நிழற்குடைக்கு நகர்த்திய பிறகே அழைத்ததாக அவர் சொல்லக்கூடும். எனவே 7.42 மோதிய நேரமன்று, மோதல் அதற்கு முன்பே நடந்துவிட்டது என்பதை மட்டுமே அது காட்டும்.

கேட்கும் விதமும் நினைவைக் கலைக்கும். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் வாகனங்களின் வேகத்தைக் கேட்டபோது, சிலரிடம் ‘இடித்தபோது’ என்றும் சிலரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்றும் சொல் மாற்றப்பட்டது. ஒரு வாரம் கழித்து, காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் பிரிவின் 50 பேரில் 7 பேரும், இரண்டாம் பிரிவின் 50 பேரில் 16 பேரும் சொன்னார்கள். அதனால் “எவ்வளவு வேகமாக வந்தான்?” என்று இட்லிக் கடைக்காரரிடம் கேட்பது பிழை, வேகத்தை அவர் பார்க்கவே இல்லை. அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு, சாலையில் டயர் தேய்ந்த தடத்தையும் பக்கத்துக் கடைகளின் கேமராக்களையும் தேடிப் போவதே முறை.