மஸ்டர் ரோல், சமூகத் தணிக்கை: இரண்டு சொற்களின் கதை

சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் அண்ணி புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஊரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். "சமூகத் தணிக்கை கிராம சபை: மஸ்டர் ரோல் வாசித்துச் சரிபார்க்கப்படும்" என்று இருந்தது. "மஸ்டர் ரோல்னா என்னா தம்பி?" என்று அக்கா கேட்டார். "நம்ம தோட்டத்துச் செக்ரோல்தான் அக்கா" என்றேன். அது பாதிப் பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'காட்டு' என்று பொருள்படும் மோன்ஸ்த்ராரே. படைத்தலைவன் தன் வீரர்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவதுதான் மஸ்டர். ரோல் என்பது சுருட்டி வைத்த தோல் ஏடு. ஆக, மஸ்டர் ரோல் என்றால் நேரில் நிறுத்திக் காட்டிய ஆட்களின் பெயர்ச் சுருள். சம்பளம் அந்தப் பெயர்களை வைத்துத்தான். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் படைகளிலேயே செத்தவர் பெயரை நீக்காமல் வைத்துச் சம்பளம் வாங்கிய தலைவர்கள் இருந்தார்கள். இல்லாத ஆளுக்குக் கூலி எழுதும் பழக்கம் இந்த ஏட்டின் கூடவே வந்தது.

நம் தோட்டங்களில் இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. விடியும் முன் நிற்கும் வரிசை பெரட்டு. பரேட் என்ற சொல் நம் வாயில் அப்படி ஆனது. அங்கே பெயர் கூப்பிடுவார்கள். அப்புறம் கிராணி செக்ரோலில் எழுதுவார். பெரட்டு எல்லாரும் பார்க்க நடக்கும், செக்ரோல் கிராணியின் மேசைக்குள் இருக்கும். ஆளைக் காட்டும் இடம் வேறு, கணக்கு எழுதும் இடம் வேறு. இந்த இடைவெளியில்தான், எழுதிய கணக்கை ஊரே கூடிச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை என்ற சொல் வேலை செய்கிறது.

இப்போது தணிக்கை. பலர் இதைத் 'தணி' என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், அது சரியில்லை. அரபியில் 'தன்கீஹ்' என்றால் திருத்திச் சீராக்குதல். அது உருது வழியாகத் தெலுங்கில் தனிகீ, கன்னடத்தில் தனிகெ, தமிழில் தணிக்கை ஆயிற்று. ஆங்கிலத்தின் ஆடிட் வேறு வழியில் வந்தது. லத்தீனில் ஆவ்தீரே என்றால் 'கேள்'. பழைய நாளில் கணக்கைச் சத்தமாக வாசிப்பார்கள், பொறுப்பானவர் காதால் கேட்டுச் சரிபார்ப்பார்.

அந்தக் காதால் கேட்கும் வழக்கத்தை ராஜஸ்தானில் கூலி வேலை செய்தவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானா ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு முதல் ஜன் சுன்வாய் நடத்தியது. 'ஜன்' என்றால் மக்கள். 'சுன்வாய்' என்றாலும் கேட்டல்தான். அரசுப் பணிகளின் பதிவுகளை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள், ஊர் கேட்டது. இந்தப் பழக்கம் பிறகு சட்டத்தில் ஏறியது. நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, திட்டத்தின் எல்லாப் பணிகளையும் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. 2011-ல் வந்த விதிகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும், கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பே பதிவேடுகளைத் தர வேண்டும் என்று வரையறுத்தன.

எப்படிப் பார்க்கிறார்கள்? ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஊர்க் குளம் தூர்வாரும் வேலை. மஸ்டர் ரோலில் இருபது பெயர், ஆறு நாள், மொத்தம் 120 ஆள்நாள். தணிக்கைக்குப் பயிற்சி பெற்றவர்கள் கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகப் போவார்கள். "எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. "குளத்து வேலை நடந்த வாரம் உங்கள் தெருவில் துக்கம் விழுந்ததே, அன்றைக்குப் போனீர்களா?" என்று கேட்டால் வரும். ஒரு பெண்ணுக்கு ஆறு நாள் வருகை எழுதியிருக்கிறது. துக்கத்துக்கும் மறுநாள் காரியத்துக்கும் போனதால் நான்கு நாள்தான் என்கிறார். பட்டியலில் உள்ள இருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் போன வருடமே இறந்துவிட்டார். மூன்று பேருக்கு ஆறு நாள் வீதம் பதினெட்டு, அந்தப் பெண்ணின் இரண்டு, மொத்தம் இருபது ஆள்நாள். நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய்.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். வேலை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, வங்கிப் புத்தகத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது, அளவுப் புத்தகத்தில் எவ்வளவு மண் வெட்டியதாக இருக்கிறது, குளத்தில் டேப் பிடித்தால் குழி எவ்வளவு என்று நான்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். காகித ஏடு என்றால் அதைத் தொட்டுப் பார்ப்பதும் உதவும். பணித்தளத்தில் கிடந்த ஏடு மடங்கி, மண்ணும் வியர்வையும் பட்டிருக்கும். ஆறு நாள் வருகையும் ஒரே மையில், ஒரு மடிப்பும் இல்லாமல் இருந்தால், அது நிழலில் உட்கார்ந்து எழுதியதோ என்று கேட்க வேண்டும்.

பிறகு கூட்டம். ஊராட்சித் தலைவர் தலைமை தாங்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வேலையை நடத்தியவர் அல்லாத ஒருவர் தலைமை ஏற்க வேண்டும் என்பது அதனால்தான். அப்படியும் பயம் போகாது. நாளைக்கு வேலை கேட்டுப் போய் நிற்க வேண்டியது அதே பணித்தளப் பொறுப்பாளரிடம்தானே? பொய்ப் பெயரில் வந்த கூலியில் பங்கு வாங்கியவரும் பேச மாட்டார். பெயர்களைக் கடகடவென்று வாசித்து, "எல்லாம் சரிதானே?" என்று தீர்மானம் எழுதிவிடும் கூட்டங்களும் உண்டு. தவறு நிரூபணமானாலும் பணத்தைத் திரும்ப வாங்குவதும் நடவடிக்கை எடுப்பதும் அதிகாரிகள் கையில். கூட்டத்தால் சொல்ல முடியும், தண்டிக்க முடியாது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? தமிழ்நாட்டு அரசு வழக்கு சமூகத் தணிக்கை. இங்கே ஆடிட்டைக் கணக்காய்வு என்கிறோம், அதனால் சமூகக் கணக்காய்வு என்றாலும் நம்மவருக்குப் புரியும். எனக்குப் பிடித்தது இன்னும் பழையது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்க் காரியம் பார்க்கும் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் "கணக்குக் காட்டாதே" போனவர்களை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. அது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை, கூலியாட்களுக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் 'கணக்குக் காட்டுதல்' என்ற சொல் நம்முடையது. அதை ஊர் கேட்பதுதான் சமூகத் தணிக்கை.

மஸ்டர் ரோலுக்கு 'வருகைப் பதிவேடு' என்று எழுதுகிறார்கள். பள்ளிக்கூட வருகைக்கும் அதே சொல் என்பதால் கூலி என்ற பொருள் விட்டுப்போகிறது. பேரேடு என்றால் வணிகக் கணக்குப் புத்தகம், அதுவும் பொருந்தாது. கூலி வருகைப் பட்டியல் என்பது என் பரிந்துரை. பேச்சில் பேர்ப் பட்டியல் போதும்.

அம்மா பால்மரம் சீவிய காலத்தில் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு நாளைக்கு ஒரு கோடு போடுவார். சம்பள நாளன்று அந்தக் கோடுகளை எண்ணிப் பார்ப்பார். இருபத்து நான்கு கோடு இருந்து இருபத்து இரண்டு நாள் சம்பளம் வந்த மாதம் எனக்கு நினைவிருக்கிறது. செக்ரோலை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க ஒரு கூட்டம் அங்கே இருந்ததில்லை. புதுக்கோட்டை அண்ணிக்கு அது இருக்கிறது. வேலைக்குப் போன நாட்களை நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தால் கூட்டத்துக்கு அதையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.