சூரிய நமஸ்காரம்: வளைவது எது, நீள்வது எது?

'நமஸ்காரம்' என்றால் கை கூப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். சமஸ்கிருதத்தில் அதன் வேர் 'நம்'. அதற்கு வளைதல், குனிதல் என்று பொருள். 'காரம்' என்றால் செய்தல். ஆக, நமஸ்காரம் என்பது குனிதலைச் செய்வது. சூரியனைப் பார்த்துக் குனிந்தால் அது சூரிய நமஸ்காரம்.

தமிழில் இதற்கு 'வணக்கம்' என்ற சொல்லைப் போடுகிறோம். பொருத்தம் வெறும் மரியாதை அளவில் நிற்கவில்லை. வணங்குதலுக்கும் முதற்பொருள் வளைதல்தான். 827-ஆம் குறளில் வள்ளுவர் 'வில்வணக்கம்' என்கிறார். வில் யாரையும் கும்பிடுவதில்லை. நாண் ஏற்றும்போது அது வளைவதைத்தான் அப்படிச் சொல்கிறார். பகைவரின் பணிவான சொல்லை நம்பாதே, வில்லின் வளைவு தீங்கையே குறிக்கிறது என்பது குறளின் கருத்து. இரு மொழிகளிலும் வளைதல்தான் வணக்கமாகியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

முதல் பாதிக்கு 'ஞாயிறு' அழகான பழஞ்சொல். ஆனால் இன்று 'ஞாயிறு வணக்கம்' என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்கு வாழ்த்து சொல்வது போலக் கேட்கிறது. அதனால் என் விருப்பம் 'கதிரவன் வணக்கம்'. 'சூரிய வணக்கம்' என்றாலும் தவறில்லை, சூரியன் நம் வாயில் நன்றாகவே பழகிய சொல்.

சூரியனைத் தொழுவது மிகப் பழைய வழக்கம். ஆனால் இன்று நாம் செய்யும் தொடர் பயிற்சி பரவலானது இருபதாம் நூற்றாண்டில். இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அவுந்த் என்ற சிறு சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி 1920-களில் இதை ஓர் உடற்பயிற்சியாக ஊரெங்கும் எடுத்துச் சென்றார். பள்ளிகளுக்கும் கொண்டுபோனார். இன்று பல வகைகள் உண்டு. நம் ஊர் வகுப்புகளில் அதிகம் சொல்லித் தருவது 12 நிலை கொண்ட வகை. எண்ணிப் பார்த்தால் அதில் தனி ஆசனங்கள் ஏழுதான். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ஐந்தாவதிலிருந்து முதலாவது வரை வந்த வழியே திரும்புகிறோம்.

சரி, தசைகளுக்கு வருவோம். வளைவு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். முன்னால் குனிந்தால் உடலின் பின்பக்கம் நீளும், பின்னால் வளைந்தால் முன்பக்கம் நீளும். மீதிப் பாதிதான் பலருக்கும் தெரியாதது. நீளும் தசை சும்மா இருக்கிறது என்று எண்ணக் கூடாது. கிணற்றில் நிறைகுடத்தை மெல்ல இறக்குகிறோம். கயிறு நீண்டுகொண்டே போகிறது, ஆனால் கைகள் இறுகப் பிடித்தபடிதான் இருக்கின்றன. தசையும் அப்படி நீண்டுகொண்டே வேலை செய்யும்.

முதல் நிலையில் கை கூப்பி நிற்கிறோம். இரண்டாவது ஹஸ்த உத்தானாசனம். தோள் தசைகள் கையை உயர்த்துகின்றன. வயிறும் தொடையின் முன்மடிப்பும் மார்பும் நீள்கின்றன. உடல் பின்னால் சரிந்துவிடாமல் தாங்குவது, நீண்டுகொண்டிருக்கும் அந்த வயிற்றுத் தசையேதான்.

மூன்றாவது பாதஹஸ்தாசனம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குனிய வைப்பது பூமியின் ஈர்ப்பு. முதுகின் நீண்ட தசைகளும் பிட்டமும் தொடையின் பின்தசையும்தான் கயிறு விடுவது போல உடலை இறக்குகின்றன. முழுதாகக் குனிந்து தொங்கும்போது முதுகுத் தசைகள் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். பாரம் முதுகெலும்பைக் கட்டியிருக்கும் தசைநார்களின் மேல் இறங்கும். தொடைப் பின்தசை இறுகியிருந்தால் அது இடுப்பெலும்பைக் கீழிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும், இடுப்பு முன்னால் சாயாது. அப்போது குறை முழுவதையும் அடிமுதுகு வளைந்து ஈடுகட்டும்.

எங்களோடு காலையில் பயிற்சி செய்யும் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. நாள் முழுக்க நாற்காலி வேலை. முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு தரையைத் தொட்டே தீருவேன் என்று தினமும் இழுத்தார். இரண்டு வாரத்தில் அடிமுதுகில் வலி. தரையில் காலை நீட்டி உட்காரச் சொன்னேன். இடுப்பு பின்னால் உருண்டு முதுகு கூன் விழுந்தது. தடை தொடையில் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வலி அடங்கும்வரை குனியாமல் இருந்தார். அப்புறம் முழங்காலை மடக்கி, வயிறு தொடையில் படும்படி குனிந்தார். கை தரைக்கு வருகிறதா என்று பார்ப்பதையே விட்டுவிட்டார். இழுப்பு முதுகிலிருந்து தொடையின் நடுப்பகுதிக்கு மாறியது. இழுப்பு இருக்க வேண்டிய இடம் அதுதான். முழங்காலின் பின்மடிப்பிலோ பிட்டத்தின் அடி எலும்பிலோ சுருக்கென்று இழுத்தால் உடனே தளர்த்த வேண்டும்.

நான்காவது அஸ்வ சஞ்சாலனாசனம். வலக்காலைப் பின்னால் நீட்டுகிறோம். அந்தக் காலின் தொடை மடிப்பில், இடுப்பை மடக்கும் தசை நீள்கிறது. உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு இது மிகவும் தேவை. இங்கே நாம் ஏமாறுவதும் எளிது. அந்தத் தசை நீளாமல் இடுப்பின் பின்பக்கம் மட்டும் குழிந்துவிடும், வெளியே பார்க்க ஆசனம் சரியாகவே தெரியும். பின்காலின் பிட்டத்தை இறுக்கிப் பாருங்கள். தொடை மடிப்பில் இழுப்பு கூடினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஐந்தாவது பர்வதாசனம், கையையும் காலையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி மலை போல நிற்பது. கையின் பின்தசையும் தோளும் தாங்க, அக்குளிலிருந்து முதுகின் பக்கங்களும் தொடையின் பின்பக்கமும் கெண்டைக்காலும் நீள்கின்றன. குதிகால் தரைக்கு வராவிட்டால் முழங்காலைச் சற்று மடக்குங்கள். இப்போது குதிகால் இறங்கினால், முழங்காலைத் தாண்டிப் போகும் மேல் கெண்டைத் தசைதான் தடை. மடக்கியும் இறங்காவிட்டால் அதற்கு அடியில் உள்ள தசையோ கணுக்கால் மூட்டோ இறுகியிருக்கிறது.

ஆறாவது அஷ்டாங்க நமஸ்காரம். கோயிலில் ஆண்கள் விழுந்து கும்பிடும் அட்டாங்கத்தின் நெருங்கிய உறவு இது. பாதம் இரண்டு, முழங்கால் இரண்டு, கை இரண்டு, மார்பு, முகவாய் என எட்டும் தரையில் படும். மார்பைத் தரைக்கு இறக்கும்போது மார்புத் தசையும் கையின் பின்தசையும் தண்டாலில் இறங்குவது போல நீண்டபடி உழைக்கின்றன. தொப்பென்று விழுந்தால் அந்த வேலை நடக்கவே இல்லை.

ஏழாவது புஜங்காசனம், குப்புறக் கிடந்தபடி மார்பைத் தூக்குவது. இதில் முதுகுத் தசை சுருங்கி உழைக்கும், வயிறும் மார்பும் நீளும். உண்மையில் முதுகுதான் தூக்குகிறதா? உள்ளங்கையை ஓர் அங்குலம் உயர்த்திப் பாருங்கள். மார்பு எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் முதுகின் வேலை. மற்றதெல்லாம் கை தள்ளியது.

பிறகு திரும்பும் வழி. பத்தாவதிலிருந்து பதினொன்றுக்கு எழும்போது குடத்தை மேலே இழுக்கிறோம். இறங்கும்போது நீண்ட அதே தசைகள் இப்போது சுருங்குகின்றன. அதனால் முதலில் முழங்காலைத் தளர்த்தி, பிட்டத்தையும் தொடைப் பின்தசையையும் கொண்டு இடுப்பிலிருந்து நிமிர வேண்டும். கை கூப்பி நின்றதும் பாதிச் சுற்றுதான் முடிந்திருக்கிறது. அடுத்த பாதியில் இடக்காலைப் பின்னால் வைத்தால்தான் மறுபக்கத் தொடை மடிப்புக்கும் அதே நீட்சி கிடைக்கும்.