ஸ்கேனில் கோடு விழுந்தால் டிரம்மைத் தொடாதீர்கள், முதலில் அந்தக் கண்ணாடிப் பட்டையைப் பாருங்கள்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். தீபாவளி போனஸ் கொடுத்த பட்டியலை ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்து சேலத்தில் உள்ள ஆடிட்டருக்கு அனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் 14 பக்கம். அவர் பார்த்துவிட்டு, "ஏன் ஐந்தாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் நான்காவது பெயரை அடித்து வைத்திருக்கிறீர்கள், அவர்களுக்குப் பணம் கொடுக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். யாரும் எந்தப் பெயரையும் அடிக்கவில்லை. ஸ்கேனில் விழுந்த ஒரு சாம்பல் நிறக் கோடு சரியாக அந்த வரிசையின் மேலேயே ஓடியிருந்தது.

பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தால் "மெஷின் சரியில்லை" என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். இது அகலவாக்கில் அச்சிட்ட பட்டியல். தாள் குறுகிய ஓரத்தை முன்னால் விட்டு, மெஷின் மேலே தாள்களை ஒவ்வொன்றாக இழுக்கும் ஃபீடருக்குள் போகிறது. கோடு எப்போதும் தாள் ஓடும் திசையில்தான் விழும். அதனால் படிக்கும்போது அது எழுத்தின் குறுக்கே, யாரோ பேனாவால் அடித்தது போலத் தெரிகிறது. கணக்குப் பட்டியல்களில் இந்தக் கோட்டை நான் அதிகம் பயப்படுவது இதனால்தான்.

நான் மேலே போவதற்கு முன்பே வேறொரு மெக்கானிக் வந்து டிரம் யூனிட்டை மாற்றியிருந்தார். சில ஆயிரம் ரூபாய் செலவு. "புது டிரம் போட்டாச்சுங்க, கோடு மட்டும் போகலைங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் கோடு கம்ப்யூட்டர் திரையிலேயே, பி.டி.எஃப். கோப்பிலேயே இருக்கிறது. ஸ்கேன் செய்து திரையில் பார்க்கிற வேலையில் டிரம்முக்கும் டோனருக்கும் பங்கே கிடையாது. அவை காகிதத்தில் அச்சிடும்போது மட்டும் வேலை செய்பவை. திரையில் கோடு தெரிந்தால் குறை படிக்கிற பக்கம் இருக்கிறது. அச்சில் மட்டும் தெரிந்தால் அச்சிடுகிற பக்கம். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்பே இதை நீங்கள் பார்த்துவிடலாம்.

படிக்கிற பக்கத்திலும் இரண்டு வழி உண்டு. பெரிய கண்ணாடியில் தாளைக் கவிழ்த்து வைத்து ஸ்கேன் செய்தால், தாள் அசையாமல் இருக்கும், உள்ளே விளக்கும் படிக்கும் பகுதியும் நகர்ந்து போகும். அங்கே கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் நகலில் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். ஃபீடரில் வைத்தால் இது தலைகீழ். படிக்கும் பகுதி ஓர் இடத்தில் நின்றுவிடும், தாள் அதன் மேல் ஓடும். அது நிற்கிற இடம் பெரிய கண்ணாடிக்கு இடது பக்கம் தனியாக இருக்கும் ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டை. விரல் அகலம் கூட இருக்காது. அந்தப் பட்டையில் ஒரு புள்ளி அழுக்கு உட்கார்ந்தால், தாள் முழுவதும் கடந்து போகும் வரை அதே இடத்தை அது மறைத்துக்கொண்டே இருக்கும். அப்படித்தான் புள்ளி கோடாகிறது. அங்குலத்துக்கு 600 புள்ளி படிக்கும் 600 டி.பி.ஐ.யில் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.04 மில்லிமீட்டர்தான். அரை மில்லிமீட்டர் அழுக்கு என்றால் ஏறக்குறைய 12 புள்ளிகள் மறையும். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால்கூட நகலில் தெரியும்.

நம் ஆட்கள் கண்ணாடியைத் துடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தினமும் காலையில் பெரிய கண்ணாடியைப் பளபளவென்று துடைக்கிறார்கள். இடது பக்கத்துப் பட்டையை மெஷினின் ஏதோ ஒரு பாகம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சேலத்தில் நான் போகிற ஜெராக்ஸ் கடைகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

எஸ்டேட்டில் முதலில் அதே பட்டியலின் ஒரு பக்கத்தைப் பெரிய கண்ணாடியில் வைத்து ஸ்கேன் செய்தேன். கோடு இல்லை. ஃபீடரில் விட்டேன். கோடு வந்தது. இரண்டு தாள், இரண்டு நிமிடம். பட்டையில்தான் அழுக்கு என்பது உறுதியாகிவிட்டது. இரண்டிலும் ஒரே மாதிரி கோடு வந்திருந்தால் கதை வேறு. உள்ளே கண்ணாடிகளிலோ லென்ஸிலோ தூசி இருக்கும், அல்லது மெஷின் வெள்ளை எது என்று அளவெடுத்துக்கொள்ளும் வெள்ளைப் பட்டையில் அழுக்கு இருக்கும். இந்த வெள்ளைப் பட்டையில் அழுக்கு இருந்தால் மெஷின் ஏமாந்து அந்த இடத்தைத் தேவைக்கு மேல் வெளுப்பாக்கிவிடும், எழுத்துகளை வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு விழும். அதற்கு மெஷினைத் திறக்க வேண்டும், நீங்கள் முயல வேண்டாம். வெள்ளைக் கோடு வெற்றுத் தாளில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். எழுத்து நெருக்கமாக உள்ள பழைய செய்தித்தாள் பக்கத்தைப் பெரிய கண்ணாடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து, அழுக்கு எப்படி வந்தது என்று பார்க்க அந்த நாளின் கோப்பைத் திரையில் திறக்கச் சொன்னேன். முதல் மூன்று பக்கம் சுத்தமாக இருந்தது. நான்காம் பக்கத்தின் வலது கோடியில், கடைசி ஒரு விரற்கடை அளவில் மெல்லிய கோடு தொடங்கியது. ஐந்தாம் பக்கத்தில் முழுக் கோடு. எட்டாம் பக்கத்துக்குப் போகும்போது நன்றாகத் தடித்துவிட்டது. நான்காம் பக்கத்தின் அசல் தாளை எடுத்துப் பார்த்தேன். நான்காவது வரிசையில், வலது கோடியில், கையெழுத்துக்கு ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்ப். அதன் ஓரத்தில் பசை பிதுங்கிக் காய்ந்து பளபளத்தது.

5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கினால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். அவர்கள் புட்டியில் இருந்த பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டியிருக்கிறார்கள். ஐப்பசி மாதம், ஏற்காட்டில் மூடுபனியும் மழையும். சேலத்தில் கால் மணி நேரத்தில் காயும் பசை அங்கே மதியம் வரை ஈரமாக இருக்கும். ஒட்டிய கையோடு ஃபீடரில் விட்டிருக்கிறார்கள். ஸ்டாம்ப் பட்டையைக் கடக்கும்போது பசை இழுபட்டு ஒட்டியிருக்கிறது. பசை தெளிவாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அடுத்தடுத்த தாள்களிலிருந்து உதிரும் காகிதத் தூசி அதில் ஒட்டிக்கொண்டே போனது. கோடு பக்கத்துக்குப் பக்கம் தடித்ததற்குக் காரணம் அதுதான்.

இடத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் போதும். தாளைப் படிக்கும் முகம் மேலே இருக்கும்படி ஃபீடரில் வைக்கும்போது எந்த ஓரம் மெஷினின் பின்பக்கம் இருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே தாள் புரண்டாலும் பின் ஓரம் பின்பக்கமே இருக்கும். எங்கள் பட்டியலில் மேல் ஓரம் பின்பக்கம் இருந்தது. கோடு மேல் ஓரத்திலிருந்து 66 மில்லிமீட்டரில். ஃபீடரின் பின்பக்கத் தாள் வழிகாட்டியை நேராக வைத்து, அங்கிருந்து பட்டையில் அதே 66 அளந்தேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தபோது, ரவையில் பாதி அளவு ஒரு மேடு தெரிந்தது. விரல் நுனியால் தடவினால் உறுத்தியது.

துடைப்பதில்தான் பலர் கண்ணாடியைக் கெடுக்கிறார்கள். மெஷினை அணைத்து, பஞ்சு உதிராத மெல்லிய துணியில் மட்டும் ஈரம் ஏற்றுங்கள். கண்ணாடி மேல் எதையும் நேராகத் தெளிக்கக் கூடாது, ஓரத்தில் இறங்கினால் உள்ளே போய்விடும். எது ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஈரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டாம்ப் பசை தண்ணீரில் கரையும், அதற்கு ஸ்பிரிட் தேவையில்லை. அந்த இடத்தில் ஈரத் துணியை இரண்டு நிமிடம் சும்மா வைத்தேன், பிறகு ஒரே துடைப்பில் வந்துவிட்டது. செல்லோடேப், ஸ்டிக்கர் பிசின் என்றால் தண்ணீர் பலன் தராது, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேண்டும். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக்கும் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஷீட்டும் பாழாகும். அப்படியும் வராத மேட்டை நகத்தாலோ பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தாலோ தள்ளுங்கள். பிளேடு எடுத்தால் கீறல் விழும். கீறலும் கோடாகத்தான் நகலில் வரும், அதைத் துடைத்துப் போக்க முடியாது, பட்டையையே மாற்ற வேண்டியிருக்கும். கடைசியில் உலர்ந்த துணியால் நீளவாக்கில் ஒரு துடை, அப்படியே ஃபீடர் மூடியில் பட்டைக்கு நேர் மேலே உள்ள வெள்ளைத் தகட்டையும் ஒரு துடை.

வண்ண ஸ்கேனில் சிலருக்கு ஏதோ ஒரு நிறத்தில் ஒரு கோடு மட்டும் வரும். நிறையப் பேர் டோனர் கசிகிறது என்று நினைக்கிறார்கள். பல ஸ்கேனர்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அடுத்தடுத்த மூன்று சென்சார் வரிசைகள் தனித்தனியாகப் படிக்கின்றன. மிகச் சிறிய தூசி ஒரு வரிசையை மட்டும் மறைத்தால் அந்த நிறம் மட்டும் குறைந்து, கோடு வேறு நிறத்தில் தெரியும். வைத்தியம் அதேதான்.

இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் படிக்கிற மெஷின்களில் பின்பக்கத்துக்கென ஃபீடருக்குள் இன்னொரு கண்ணாடி இருக்கும். பின்பக்க நகலில் மட்டும் கோடு என்றால் அதைத் திறந்து துடையுங்கள். சில மெஷின்களின் அமைப்புகளில் கோட்டைத் தானே நீக்கும் வசதி உண்டு. அதை நம்பிப் பட்டியல்களை ஸ்கேன் செய்யாதீர்கள், பட்டியலின் சொந்தக் கோடுகளும் மங்கிப்போக வாய்ப்பு உண்டு. அழுக்கும் அங்கேயே இருக்கும்.

சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் உள்ள கடைகளில் எனக்குத் தெரிந்து இன்னொரு காரணம், புதுக் கிரயப் பத்திரங்களின் நான்கு மூலையிலும் வைக்கும் மஞ்சள். சாமி முன் வைத்துவிட்டு நேராக நகலெடுக்கக் கொண்டுவருகிறார்கள். காய்ந்த மஞ்சள் உதிர்ந்து பட்டையில் விழுகிறது. மூலையில் மஞ்சள் உள்ள பத்திரம், ஈரப் பசை, காயாத முத்திரை மை, ஒயிட்னர் பூசிய தாள் எதுவும் ஃபீடருக்குள் போகக் கூடாது. பெரிய கண்ணாடியில் ஒவ்வொன்றாக வையுங்கள்.

எஸ்டேட்டில் நான்காம் பக்கத்திலிருந்து திரும்ப ஸ்கேன் செய்தோம். அந்த எழுத்தர் இப்போது ஸ்டாம்ப் ஒட்டிய தாள்களை ஒரு ராத்திரி விரித்து வைத்துவிட்டு மறுநாள்தான் ஸ்கேன் செய்கிறார். தாள் கட்டை ஃபீடரில் விடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை ஃபீடரில் விட்டு, திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கோடு இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவற்றை வைக்கிறார்.