குறை, முறையீடு, வழக்கு முன்னறிவிப்பு

காசோலை பணமின்றித் திரும்பினால் முதலில் புகார் அளிக்க வேண்டும், பலன் இல்லாவிட்டால் சட்ட அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற அறிவுரையை மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் அடிக்கடி காண்கிறேன். அதில் புகார், சட்ட அறிவிப்பு என்ற இரண்டு சொற்களும் பிழை. அவற்றால் வரிசையும் தலைகீழாகிவிட்டது. இதை நம்பி நடப்பவர் வழக்குத் தொடுக்கும் வாய்ப்பையே இழக்கக்கூடும்.

குறை பழைய தமிழ்ச்சொல். ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அது சரியான பொருளில் நிற்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்றோ உதவித்தொகை வரவில்லை என்றோ சொல்ல, யார்மீதும் குற்றம் சாட்டத் தேவையில்லை. புகார் என்பது கூவி அழைத்தலைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. காவிரி கடலில் புகும் இடமாகிய புகார் வேறு. நீதிமன்றப் பேச்சில் இன்னும் வழங்கும் பிராது, பாரசீக வழி வந்தது. முறையீடு, முறையிடு என்னும் வினையின் பெயர். முறை என்பதற்கு நீதி என்றும் பொருளுண்டு.

முறையீட்டைக் கேட்பவருக்குத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் இருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும், நடவடிக்கை கோரி நீதித்துறை நடுவரிடம் வாய்மொழியாகவோ எழுத்திலோ சொல்வதையே complaint என்ற பெயரால் வரையறுக்கின்றன. காவல்துறை அறிக்கை அதில் அடங்காது. கடைக்காரருக்கு எழுதும் கடிதத்தையும் காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவையும் நடுவர்முன் தொடுக்கும் வழக்கையும் புகார் என்ற ஒரே சொல்லால் குறித்தால், எங்கே போவது என்பது படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

காசோலையையே எடுத்துக்கொள்வோம். கடனைத் திருப்பித் தர ஒருவர் கொடுத்த 80,000 ரூபாய்க் காசோலை பணம் போதாமல் திரும்பியது என்ற குறிப்பை, வங்கி ஜூன் 5 அன்று தருகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, அன்றிலிருந்து 30 நாள்களுக்குள் காசோலைத் தொகையைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது ஜூன் 20 அன்று காசோலை கொடுத்தவர் கையில் சேர்ந்தால், பணம் கொடுக்க அவருக்கு 15 நாள் அவகாசம் உண்டு. ஜூலை 5 வரை அவர் கொடுக்காவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நடுவரிடம் எழுத்து வடிவில் முறையிட வேண்டும். ஆக, நோட்டீஸ் முதலில், முறையீடு பிறகு. புகார் என்ற சொல்லைப் பார்த்துக் காவல் நிலையத்துக்கு நடந்து கொண்டிருப்பவருக்கு அந்த 30 நாள் வீணாகிவிடும். முறையீடு தாமதமானால், தக்க காரணம் காட்டினால் நடுவர் மன்னிக்கலாம். நோட்டீசுக்கு அந்தச் சலுகை இல்லை. காசோலையின் மூன்று மாத ஆயுள் மீதமிருந்தால், மீண்டும் வங்கியில் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

இனி சட்ட அறிவிப்பு. இந்தச் சொற்சேர்க்கையை நான் ஏற்கவில்லை. அறிவிப்பு என்றால் பலருக்கும் பொதுவாகச் சொல்வது; சட்ட அறிவிப்பு என்றால் ஏதோ ஒரு சட்டம் வந்துவிட்டதாக அரசு அறிவிப்பதுபோல் ஒலிக்கிறது. இணையதளங்களின் அடியில் வரும் பொறுப்புத் துறப்புக்கும் இதே பெயரை வைக்கிறார்கள். இதைவிடக் கேடு, கடிதத்தைப் பெறுபவர் அதை நீதிமன்ற ஆணையாகவோ அழைப்பாணையாகவோ எண்ணி அஞ்சுவது. உண்மையில் அது ஒரு தரப்பு மறுதரப்புக்கு எழுதும் கடிதமே. அதில் நீதிமன்றத்துக்குப் பங்கில்லை. மக்கள் சொல்லும் வக்கீல் நோட்டீஸ் தெளிவாக இருந்தாலும் முழுதும் சரியன்று. காசோலை வழக்கில் பணம் பெற வேண்டியவரே தம் கையெழுத்தில் அனுப்பலாம், வக்கீல் கட்டாயமில்லை. தமிழ் அகராதியைத் திறந்து முதலில் கண்ட இரு சொற்களை ஒட்டிவிட்டுத் தூய தமிழ் என்று பெருமைப்படும் மொழிபெயர்ப்பாளரைவிட, நோட்டீஸ் என்றே எழுதுபவர் வாசகருக்கு நன்மை செய்கிறார். தமிழில்தான் வேண்டுமென்றால் வழக்கு முன்னறிவிப்பு என்பேன்: எதைப் பற்றியது, எப்போது வருவது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

எல்லா வழக்குக்கும் அது கட்டாயமில்லை. பழுதான குளிர்பெட்டிக்காகக் கடைக்காரரிடம் குறையை எழுத்தில் சொல்லி, அவர் கைவிரித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நேரே முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முன்னறிவிப்பைக் கேட்பதில்லை, வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக் கெடுவை மட்டும் வைக்கிறது. அரசுமீது உரிமையியல் வழக்குப் போடுபவரோ, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி முன்னறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். உடனடி நிவாரணம் தேவைப்பட்டால் மட்டும் நீதிமன்ற அனுமதியோடு காத்திராமல் தொடரலாம். ஆட்சியரிடம் கொடுத்த குறைதீர் மனுவின் ஒப்புகைச் சீட்டு இந்த முன்னறிவிப்புக்கு ஈடாகாது.