கேபிளில் இடம் போதாதபோது எது காணாமல் போகிறது?

கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர் ஃபோன் செய்தார். "புது மானிட்டர்ல சிவப்பு எழுத்து மட்டும் கலங்கலா தெரியுதுங்க. பேனல் கோளாறா இருக்குமோ?" 27 அங்குலம், 4கே, 144 ஹெர்ட்ஸ், 10 பிட் மானிட்டர். நேரில் போய்ப் பார்த்தேன். வெள்ளை எழுத்து கத்தி மாதிரி இருந்தது. கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து மட்டும் ஓரம் கரைந்திருந்தது. கோளாறு பேனலில் இல்லை, பின்னால் செருகியிருந்த இணைப்பில் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம், நிறத்துக்கு 8 பிட் என்றால் 24 பிட். அதை நொடிக்கு 144 தடவை அனுப்ப வேண்டும். வரிகளுக்கும் படங்களுக்கும் இடையில் விடும் சிறு இடைவெளியையும் சேர்த்தால் நொடிக்கு 31.4 கிகாபிட் ஆகிறது. நிறத்துக்கு 10 பிட் என்று வைத்தால் 39.2.

அவருடைய கிராஃபிக்ஸ் கார்டு சில வருடப் பழையது. மானிட்டர் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. 2.1 என்று போட்டிருந்ததால் எச்.டி.எம்.ஐ.யிலேயே செருகியிருந்தார். ஆனால் கார்டில் இருந்தது 2.0. அதன் வேகம் 18 கிகாபிட் என்று சொல்வார்கள். 8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்பும் முறை அது என்பதால் படத்துக்கு உண்மையில் கிடைப்பது 14.4 தான். 4கே, 60 ஹெர்ட்ஸ், 8 பிட்டுக்கே அதில் 14.26 போய்விடும். அப்படியிருக்க, அவர் திரையில் 120 ஹெர்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி?

நிறத்தைக் குறைத்துத்தான். 4:2:0 என்ற முறையில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகப் போகும், நிறம் மட்டும் நாலு பிக்சலுக்கு ஒன்றாகப் போகும். மொத்த அளவு சரிபாதி. அதனால் 60 ஹெர்ட்ஸுக்கு இருந்த இடத்தில் 120 அப்படியே உட்கார்ந்துகொள்ளும். சினிமா பார்த்தால் யாருக்கும் தெரியாது, நாம் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. ஒரு பிக்சல் அகலமுள்ள சிவப்புக் கோட்டில் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும். இதில் எனக்குப் பிடிக்காத விஷயம், கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லாது. இடம் போதவில்லை என்ற எச்சரிக்கையே வராது. ஹெர்ட்ஸையோ, பிட்டையோ, நிறத்தையோ சத்தமில்லாமல் குறைத்துவிட்டு எல்லாம் நலம் என்று உட்கார்ந்திருக்கும்.

விண்டோஸில் இதைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. Settings, System, Display, அதற்குள் Advanced display. அங்கே Active signal mode, Bit depth, Color format என்ற வரிகளைப் படியுங்கள். இவருடையதில் Color format வரியில் RGB இருக்க வேண்டிய இடத்தில், அந்த 4:2:0 முறையைக் குறிக்கும் YCbCr420 இருந்தது.

சரி, கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்ற இன்னொரு வகைப் போர்ட்டும் இருக்கிறதே என்று அதில் மாற்றிச் செருகினோம். நிறம் சரியானது, ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் தேர்வே இல்லை. மானிட்டரின் மெனுவைத் துழாவினால், டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.2 என்று வைக்கப்பட்டிருந்தது. பழைய கார்டுகளோடு தகராறு வராமலிருக்கச் சில தயாரிப்பாளர்கள் இப்படி வைத்து அனுப்புகிறார்கள். 1.2-ல் கிடைப்பது 17.28 கிகாபிட், 1.4-ல் 25.92. அதை மாற்றியதும் 144 ஹெர்ட்ஸ், 10 பிட், RGB மூன்றும் ஒன்றாக வந்தன.

ஆனால் தேவை 39.2, இருப்பது 25.92. கணக்கு இடிக்கிறது அல்லவா? இந்த இடத்தில்தான் டிஎஸ்சி வருகிறது. காட்சி ஓடையை அனுப்பும் முன் சுருக்கி, மானிட்டரில் விரிக்கும் முறை. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014-ல் வெளியிட்டது, 2016-ல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ல் இடம்பெற்றது. பக்கத்துப் பிக்சலையும் மேல்வரியையும் பார்த்து அடுத்த பிக்சல் என்னவாக இருக்கும் என்று ஊகித்து, வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறது. சற்று முன் வந்த நிறமே மறுபடி வந்தால், சின்னப் பட்டியலில் அது எத்தனையாவது என்று மட்டும் சொல்கிறது. முழுப் படத்துக்காகக் காத்திருப்பதில்லை, வரி வரியாக வேலை நடக்கிறது. 144 ஹெர்ட்ஸில் 4கே திரையின் ஒரு வரிக்கு 3 மைக்ரோநொடிதான் ஆகும் என்பதால், விளையாடுகிறவர்கள் பயப்படும் தாமதம் உணர முடியாத அளவு சிறியது. மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் 39.2 என்பது 13.1 ஆகிறது, தாராளமாக இடம் இருக்கிறது.

டிஎஸ்சி ஓடுகிறதா என்பதை விண்டோஸின் அந்தப் பக்கம் சொல்லாது. கணக்குதான் சொல்லும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ல் 144 ஹெர்ட்ஸ், 10 பிட், RGB மூன்றும் சேர்ந்து வந்தால் சுருக்கம் நடந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. கார்டு, மானிட்டர் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பழைய அடாப்டரோ சுவிட்சோ இருந்தால் முடிந்தது கதை. டிஎஸ்சி இல்லாமல், நிறத்தையும் குறைக்காமல் 1.4-ல் போகும் உச்சம் 120 ஹெர்ட்ஸ், 8 பிட். அதற்குத் தேவை 25.82. நூலிழையில் உள்ளே போகிறது.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஃபோன். திரை அவ்வப்போது ஒரு நொடி இருண்டு வருகிறதாம். இந்த முறை உண்மையாகவே கேபிள். மேசைக்கடியில் கிடந்த மூன்று மீட்டர் பழைய கேபிளை எடுத்துச் செருகியிருந்தோம், அதில் என் தப்பும் உண்டு. சுருக்குவதால் அனுப்பும் பிட் குறைகிறதே தவிர, கம்பியில் சிக்னல் ஓடும் வேகம் குறைவதில்லை. சுருக்கிய தரவில் ஒரு பிட் பிசகினால் திரையில் ஒரு துண்டே கெட்டுப்போகலாம் என்பதால், டிஸ்ப்ளேபோர்ட்டில் டிஎஸ்சியோடு பிழை திருத்தமும் கட்டாயமாகச் சேர்ந்தே போகிறது. அதற்கும் மீறிப் பிழை வந்தால் இணைப்பு அறுந்து மறுபடி கூடும், அந்த ஒரு நொடிதான் இருட்டு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கான டிபி8கே சான்று பெற்ற இரண்டு மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டதும் நின்றுவிட்டது. எச்.டி.எம்.ஐ. வாங்குகிறவர்கள் பெட்டியில் "2.1" என்பதை நம்ப வேண்டாம், 18 கிகாபிட் மட்டுமே தரும் போர்ட்டுக்கும் அந்தப் பெயர் போட அனுமதி உண்டு. கேபிள் என்றால் அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற சான்று ஒட்டு, போர்ட் என்றால் எத்தனை கிகாபிட் என்ற எண், இவற்றைக் கேளுங்கள்.

"சுருக்கினா கலர் கரெக்‌ஷன் கெடாதா?" என்று கேட்டார். சுருக்கம் கேபிளுக்குள் மட்டும் நடக்கிறது, எக்ஸ்போர்ட் செய்யும் ஃபைலை அது தொடுவதில்லை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்பதுதான் டிஎஸ்சியின் அளவுகோல், ஒரு பிட்கூட மாறாது என்பதல்ல. வேண்டுமென்றே செய்த சோதனைப் படங்களில் பழகிய கண்கள் கண்டுபிடிக்கலாம். 4:2:0-வில் தெரிந்த அந்தச் சிவப்புக் கலங்கலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. எனக்கு இரண்டில் ஒன்று என்றால் டிஎஸ்சியைத்தான் எடுப்பேன்.

அடுத்து 4கே 240 ஹெர்ட்ஸ் வாங்கலாமா என்கிறார். 10 பிட்டில் அதற்கு 68.6 கிகாபிட் வேண்டும், மூன்றில் ஒன்றாகச் சுருக்கினால் 22.9. இதே 1.4 கேபிளில் இடம் இருக்கிறது. கார்டில் உள்ள சுருக்கும் சில்லு அந்த வேகத்தில் பிக்சல்களை விழுங்குமா என்பது வேறு கேள்வி. கார்டின் விவரப் பக்கத்தில் அதிகபட்சத் தெளிவுத்திறனுக்குப் பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.