தினசரி சதவீதத்தைக் கூட்டாதீர்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து ஏற்றுமதியாளர்களுக்கு அந்நியச் செலாவணி ஆலோசனை சொல்வது என் தொழில். போன வாரமும் ஓர் எக்செல் ஷீட் வந்தது, நிலாவாரை இலை அனுப்பும் ஒரு நிறுவனத்திலிருந்து. டாலர் விலையின் தினசரி சதவீத மாற்றத்தை வரிசையாகப் போட்டு, அடியில் கூட்டியிருந்தார்கள். டாலர் கிளம்பிய விலைக்கே திரும்பி வந்திருக்கிறது, கூட்டுத்தொகை மட்டும் ஏற்றம் காட்டுகிறது. இதே தப்பை இன்னும் எத்தனை ஷீட்டில் பார்ப்பது?

கண்ணுக்குத் தெரியட்டும் என்று பெரிய எண்ணாகவே எடுத்துக்கொள்வோம். 80 ரூபாய் டாலர் 84 ஆனால் 5% ஏற்றம். மறுநாள் 80-க்கே வந்தால் 4.76% இறக்கம். கூட்டினால் 0.24% மிச்சம், கையில் ஒரு பைசா இல்லை. முதல் சதவீதம் 80-ஐ வைத்து, அடுத்தது 84-ஐ வைத்துப் போட்டது. அடிப்படை மாறிய இரண்டைக் கூட்டக்கூடாது. புது விலையைப் பழைய விலையால் வகுத்து அதற்கு இயல் மடக்கை எடுப்பதுதான் லாக் ரிட்டர்ன். அதில் ஏற்றம் 4.88%, இறக்கமும் 4.88%. கூட்டினால் பூஜ்ஜியம்.

"சின்ன வித்தியாசம்தானே சார்" என்கிறார்கள். ஒரு நாளுக்குச் சின்னதுதான். ஆனால் இந்தப் பிழை ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்து சரியாகிவிடாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் சாதாரண சதவீதம் லாக்கை விட மேலேதான் நிற்கும். அதனால் பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். தினம் 0.3% அளவில் அசையும் நாணயத்தில், 250 வேலை நாளில் அது சுமார் 0.11% ஆகிவிடும். அசைவு இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்கு.

பெரிய குதிப்பு வந்தால் பேச்சே மாறிவிடும். 2023 டிசம்பரில் அர்ஜென்டினா தன் பெசோவின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்குச் சுமார் 366 பெசோ என்றிருந்த அரசு விலை 800 ஆனது. டாலர் பக்கமிருந்து பார்த்தால் 118% ஏற்றம், பெசோ பக்கமிருந்து பார்த்தால் 54% இறக்கம். ஒரே சம்பவம்தான்! லாக்கில் இரு பக்கமும் 78, குறி மட்டும் மாறும்.

எக்செலில் இப்படிப் போடுங்கள். B2-விலிருந்து கீழே தினசரி விலை, முதல் வரியை C3-இல் போட்டு C252 வரை இழுங்கள், இரண்டாவது வரியை வேறொரு காலிக் கட்டத்தில் போட்டால் மொத்த மாற்றம் வரும்:

```
=LN(B3/B2)
=EXP(SUM(C3:C252))-1
```

LN-க்குப் பதில் LOG போடாதீர்கள். அது பத்தை அடிமானமாக வைத்துப் போடும் மடக்கை. எல்லா எண்ணும் 0.43 மடங்காகச் சுருங்கி, ஆடுகிற நாணயம் அடங்கிக் கிடப்பதாகத் தெரியும். சந்தேகமா? 1% ஏறிய ஒரு நாளைப் பாருங்கள், 0.43% என்று வந்தால் தப்பு.

அப்புறம், தயவுசெய்து லாக் எண்ணை அப்படியே முதலாளியிடம் லாப நஷ்டமாகச் சொல்லிவிடாதீர்கள். பெசோ 78% விழவில்லை, 54%தான். இரண்டாவது வரியில் EXP இருப்பது இதற்காகத்தான். டாலர், யூரோ இரண்டிலும் பணம் வரவேண்டியிருந்து, ஒரே நாளில் மொத்தம் எவ்வளவு மாறியது என்று பார்க்கிறீர்களா? அங்கே லாக் வேண்டாம். ஒவ்வொன்றின் சாதாரண சதவீதத்தையும் அதில் வரவேண்டிய தொகையின் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள்.